வெள்ளி இரவில் அழிந்தவை

என் தங்கை நஸ்லாவின் புருசன் மிஹ்லார் மௌத்தானதைவிட, மௌத்தான பிறகு அவருடைய போனுக்கு நடந்ததுதான் என் வயிற்றை இன்னும் எரிக்கிறது. அப்படிச் சொல்லாதே, அது குற்றம் என்று உம்மா வாயைப் பொத்துவார். குற்றமானால் ஆகட்டும். சாவு அல்லாஹ் எழுதியது. அதற்கு வாய் திறக்க நான் யார்? போனை அழித்தது மனுசன். அந்த மனுசனோடு சண்டை பிடிக்க எனக்கு உரிமை இருக்கிறது.

மிஹ்லாருக்கு உப்பளத்தில் வேலை. உப்பு லொறிகளை ஏற்றி அனுப்பும் பொறுப்பு. ஒரு நாள் காலையில் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. முப்பத்தைந்துகூட ஆகவில்லை. மகள் அஸ்கா அப்போது கவிழ்ந்து படுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நஸ்லா புருசன் வீட்டிலேயே இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை. அது எங்கள் கடமை, அதில் எனக்குப் பேச்சில்லை.

மிஹ்லாருடைய மூத்தவர் செய்னுலாப்தீன் நானா. ஐந்து நேரமும் பள்ளியில் நிற்பவர், நல்ல மனுசன், தம்பிமேல் உயிர். அந்த உயிர்தான் வினையாகிப்போனது. மௌத்தானவரின் முகப் படம் ஒன்று உலகத்தில் இருக்கும் வரைக்கும் அவருக்குக் கபுறுக் குழிக்குள் வேதனை என்று யாரோ அவருடைய காதில் போட்டிருக்கிறார்கள். தம்பியை அடக்கிய அந்தக் கிழமைக்குள்ளேயே, வீட்டில் அவருக்காக யாசீன் ஓதி முடிந்த கையோடு, தம்பியின் போனை எடுத்து இருந்த படங்களையெல்லாம் அழித்துவிட்டார். போன் திறக்கும் கோடு அவருக்குத் தெரியும். பிறகு அதை அணைத்து, இத்தாவில் இருக்கிறவளுக்குப் போன் எதற்கு என்று தன்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். செய்ததை ஒளிக்கவும் இல்லை. நஸ்லாவின் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, நான் அவனுக்கு ஒரு நன்மை செஞ்சிருக்கன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாப் படத்துக்கும் நஸ்லா அழவில்லை. ஒரே ஒரு வீடியோவுக்கு அழுதாள்.

அஸ்கா பிறந்த அன்று புத்தளம் ஆஸ்பத்திரியில், மிஹ்லார் பிள்ளையைக் கையில் வாங்கி வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொன்னார். கட்டிலில் கிடந்தபடியே நஸ்லா அவருடைய போனில் அதை எடுத்திருக்கிறாள். பாங்கு முடிந்ததும் அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "வாப்பா வந்திருக்கன் மகள்" என்றாராம். அதை அவள் எனக்குக்கூடக் காட்டியதில்லை. ஏனென்றால் கடைசியில் போனைத் திருப்பும்போது அவளும் அதில் வந்துவிட்டாள், தலையில் துணி இல்லாமல், பிள்ளை பெற்ற களைப்போடு. "ஒருத்தருக்கும் அனுப்பிராதீங்க" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவரும் அனுப்பவில்லை. வாட்ஸ்அப்பில் இல்லை, உறவுக்காரர் கையில் இல்லை. அந்த ஒரு போனில் மட்டும் இருந்தது.

"ராத்தா, அவள் வளந்து என்ட வாப்பா என்னோட என்ன கதைச்சார் எண்டு கேட்டா நான் எதைக் காட்டுவன்?" என்றாள் நஸ்லா. போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

போகவில்லை என்று சொன்னவன் கிருபாகரன். முன்னேஸ்வரத்துப் பொடியன், புத்தளம் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். என் போனின் கண்ணாடி உடைந்து கொண்டுபோனபோது, பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொல்லி எங்கள் நானாவை நாலு வார்த்தை ஏசினேன். அவன் கையில் இருந்த திருப்புளியை அப்படியே வைத்துவிட்டான்.

"அக்கா, எந்த இடத்தில அழிச்சவர்? கூகிள் போட்டோஸ்லயா?"

"அது எனக்கென்ன தெரியும் தம்பி? வட்டமாக் காத்தாடி மாதிரிப் படம் ஒண்டு இருக்குமே, அதுக்குள்ளதான் அவங்கட படமெல்லாம் இருந்ததாம்."

"அதுதான். அங்க அழிச்சா உடன போகாது அக்கா. குப்பைத் தொட்டிக்குள்ள போய் நிக்கும். இணையத்தில ஏறியிருந்த படமெண்டா அறுபது நாள், ஏறாததெண்டா முப்பது நாள். இவங்கட ஏறியிருக்கா?"

ஏறியிருந்தது. மிஹ்லார் போனை மாற்றியபோது பழைய படமெல்லாம் தானாகப் புதிய போனுக்கு வந்துசேர்ந்ததை நஸ்லா ஒருமுறை அதிசயமாகச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னதும் அவனுடைய முகம் மலர்ந்தது.

"அப்ப அறுபது நாள். எண்டைக்கு அழிச்சவர்?"

"அவரை அடக்கின கிழமை, வெள்ளி இரவு. யாசீன் ஓதி முடிஞ்ச கையோட."

அவன் தன்னுடைய போனில் நாள்காட்டியைத் திறந்து விரலால் தட்டித் தட்டி எண்ணினான். "வாற செவ்வாய் இரவு வரைக்கும் நேரமிருக்கு. போனை அணைச்சு வச்சாலும் அங்க நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனபடியா சுணங்காதீங்க."

அல்லாவே! அன்றைக்கு நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது ஆட்டோவிலா, பறந்தா என்று எனக்கே தெரியாது. நஸ்லாவைக் கட்டிப் பிடித்துச் சொன்னேன். அவள் நிலத்தில் நெற்றி வைத்து ஸஜ்தாவில் விழுந்தாள்.

ஆனால் போன் அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி செய்னுலாப்தீன் நானாவின் இடுப்பு பெல்ட்டில். நானாவோ மார்க்க வேலைக்காக நாற்பது நாள் ஜமாஅத்தில் நிந்தவூர்ப் பக்கம் போயிருக்கிறார்.

போன் இல்லாமலே எடுக்கலாம் என்று கிருபாகரன் ஒரு வழி சொன்னான். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் எந்த போனிலிருந்தும் உள்ளே போய் அந்தத் தொட்டியைத் திறக்கலாமாம். நஸ்லாவுக்கு இரண்டும் தெரியும், மகளுடைய பெயரைத்தான் மிஹ்லார் கடவுச்சொல்லாக வைத்திருந்தார். கடையில் வைத்து அதைப் போட்டான். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டுவிட்டு, உங்களுடைய போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம், அதில் ஆம் என்று தொடுங்கள் என்றது. அந்த போன் அணைந்துபோய் அலுமாரிக்குள் கிடக்கிறது. வேறு வழி கேட்டால், சிம்முக்கு இலக்கம் அனுப்புகிறேன் என்றது. சிம்மும் அந்த போனுக்குள்தான்.

"அதே நம்பருக்கு வேற சிம் எடுக்கலாம் அக்கா. ஆனா ஆள் ஐடென்டிட்டிக் கார்ட்டோட நேர வரோணும்."

"ஆள் கபுறுக்குள்ள தம்பி" என்றேன். அவன் இன்னும் இரண்டு தரம் முயன்று பார்த்தான். பிறகு, அதிக தரம் முயன்றுவிட்டீர்கள், பொறுத்து வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது.

நான் விடுவேனா? ஜமாஅத்தோடு போனவர்களில் ஒருவருடைய நம்பரைப் பிடித்து நானாவைக் கதைக்க வைத்தேன்.

"நானா, அலுமாரியை உடைக்கப் போறன். கோவிச்சுக் கொள்ளாதீங்க" என்றேன், ஸலாம் சொன்ன வாயோடு.

"ரம்ஸியா, உனக்கு என்ன பைத்தியமா? அதுக்குள்ள உம்மாட காணி உறுதி இருக்கு, நகை இருக்கு. யாரும் கை வைக்க வேணாம்."

"அப்ப சாவியை அனுப்புங்க."

"யார்ட கையில அனுப்புற? நான் செவ்வாய்க்கிழமை காலையில வந்திருவன்."

செவ்வாய் இரவு வரைக்கும் நேரமிருக்கிறது என்று கிருபாகரன் சொன்னது அப்போது என் காதில் கேட்டது. என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை. வீடியோவில் என்ன இருக்கிறது என்று நானாவுக்குச் சொன்னேன்.

"பாங்கா சொல்லியிருந்தான்?" என்றார். "அது எனக்குத் தெரியாதே. நான் முகத்தை மட்டும்தானே பாத்தன், திறந்து பாக்கல்லையே." பிறகு, "வந்து நானே எடுத்துத் தாறன். லுஹர் தொழுகைக்கு முந்தி வந்திருவன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

திங்கட்கிழமை பகலில் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் தென்னம்பிள்ளை நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இரும்பு அலவாங்கை வாங்கிக்கொண்டு நேரே நானாவின் அறைக்குள் போனேன். நஸ்லாவின் மாமி, நானாவைப் பெற்ற லெய்லா, ஓடிவந்து அலுமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வாற மனுசன்ட அலுமாரியை இண்டைக்கு உடைக்கிறியா? அவன் தாறன் எண்டு சொன்ன பிறகு உடைச்சா அது களவு!"

"பஸ் சுணங்கினா? பஞ்சரானா? நீங்களா மாமி பொறுப்பு?"

"அல்லாஹ் பொறுப்பு."

அப்போதும் அலவாங்கைக் கீழே போடவில்லை. நஸ்லாதான் வந்து என் கையைப் பிடித்தாள். "விடுங்க ராத்தா. நாளைக்கு இரவு வரைக்கும் நேரமிருக்கு எண்டு அந்தத் தம்பியே சொல்லியிருக்கே. காலையில நானா வந்திருவார். ஏன் வீணா மாமிட மனசை நோகடிக்க?" அவளுடைய முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை தலை வாரிப் பின்னியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் இளகினேன். அலவாங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நானா சொன்ன சொல் தவறவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, தோளில் பை தொங்க, தண்ணீர்கூடக் குடிக்காமல் அலுமாரியைத் திறந்தார். கிருபாகரனையும் நான் வரவழைத்திருந்தேன். அவன் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து முன் அறையில் கதிரையில் உட்கார்ந்தான். திரைக்கு உள்ளே நஸ்லா பிள்ளையோடு நின்றாள். நான் நடுவில்.

சார்ஜ் சுத்தமாக இறங்கிப்போயிருந்தது. வயரைக் குத்தி, அது உயிர் பிடிக்கும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானா கோடு போட்டுத் திறந்தார். கிருபாகரன் தன்னுடைய போனிலிருந்து இணையம் கொடுத்தான். காத்தாடியைத் தொட்டான், தொட்டிக்குள் போனான்.

"இருக்கு அக்கா! வெறுமையா இல்ல!" என்று கத்தினான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். திரைக்குப் பின்னால் நஸ்லா விம்மும் சத்தம் கேட்டது.

ஒவ்வொரு படத்தின்மேலும் இன்னும் ஒரு நாள் என்று சின்ன எழுத்தில் இருந்தது. உப்புக் குவியல். உப்பு மூட்டை. நிறுவைச் சிட்டை. லொறியின் பின்பக்கம். மறுபடியும் உப்பு. அவன் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். அவ்வளவுதான், ஒரு கை நிறையக்கூட இல்லை. ஒரு முகம் இல்லை.

"நீங்க எல்லாத்தையும் ஒரே நேரத்திலயா அழிச்சனீங்க ஐயா?" என்று நானாவிடம் கேட்டான்.

"இல்ல. முகமுள்ளதை வெள்ளி இரவு அழிச்சன். அடுத்த நாள் ஜும்ஆ முடிஞ்சு வந்து, மிச்சம் கிடந்த உப்பையும் மூட்டையையும் அழிச்சன்."

"அடுத்த நாள் எண்டா சனிக்கிழமையா? சனிக்கிழமையிலயும் ஜும்ஆ இருக்கா?"

"என்ன தம்பி கதைக்கிறீங்க? ஜும்ஆ வெள்ளிக்கிழமை."

"அப்ப வெள்ளி இரவு எண்டது?"

எங்களுக்கு மஃரிபோடு நாள் பிறந்துவிடும். வியாழக்கிழமை பொழுது பட்டால் அது வெள்ளி இரவு. யாசீன் ஓதுவதும் அன்றைக்குத்தான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறோம், ஒருத்தருக்கும் விளக்கம் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. அந்தப் பொடியன் வெள்ளிக்கிழமை இரவு என்று எண்ணியிருக்கிறான். அவனுக்கு வேறென்ன தெரியும்? வியாழன் இரவிலிருந்து எண்ணினால் அறுபது நாள் திங்கட்கிழமை இரவோடு முடிகிறது. நேற்று இரவோடு. நான் அலவாங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, ராஹத்தாக, நிம்மதியாகச் சோறு தின்றுவிட்டுப் படுத்த அந்த இரவோடு.

"இன்னொரு வழி இருக்குமே தம்பி" என்றேன். "போனுக்குள்ள தோண்டி எடுக்கிறாங்களாமே. கொழும்பில செய்றாங்களாமே."

"செய்றம் எண்டு சொல்லுவாங்க அக்கா. இப்பத்தைய போனில உள்ளே எல்லாம் பூட்டித்தான் இருக்கும், அழிஞ்சது வராது. தொட்டியையும் தாண்டிப் போனா கூகிளுக்கு எழுதினாலும் தரமாட்டாங்க." அவனுடைய கண் கலங்கியிருந்தது. "நான் எந்த வெள்ளி எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்."

அவனை ஏச வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். யாரை ஏசுவது? அவனையா, நானாவையா, மாமியையா, என்னையா? யா அல்லாஹ், பிழை விட்டவர் என்று ஒரு ஆளாவது இருந்தால் நெஞ்சில் அடித்துக் கத்தியாவது தீர்த்திருப்பேன். எல்லோரும் சரியாகத்தான் செய்தோம். எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் வாப்பாவை இரண்டாம் தரம் அடக்கிவிட்டோம்.

கிருபாகரன் இருந்ததையெல்லாம் தெரிவுசெய்து மீட்டெடுத்தான். உப்பும் மூட்டையும் சிட்டையும் திரும்பி வந்தன. அதற்குள் ஒரு வீடியோவும் இருந்தது. லொறி ஒன்று உப்புக் குவியலுக்குப் பின்பக்கமாக வருகிறது. முதலாளிக்கு அனுப்ப எடுத்திருப்பார் போல. அதைத் தொட்டதும் அறைக்குள் மிஹ்லாருடைய குரல் கேட்டது.

"வா... வா... வா... இந்தப் பக்கம் ஸ்டியரிங் ஒடி... வா... ஆ, நிப்பாட்டு! நிப்பாட்டு!"

அவ்வளவுதான். செய்னுலாப்தீன் நானா சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்க தம்பி" என்றார். அவன் போட்டான். லெய்லா மாமி குசினி வாசலில் நின்று வாயில் சேலையைத் திணித்துக்கொண்டார். நான் போனை வாங்கித் திரைக்குள் கொண்டுபோனேன்.

நஸ்லா நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. போனை வாங்கவில்லை. அஸ்கா அவளுடைய இடுப்பில் இருந்தபடி, வெளிச்சமாக இருக்கிறதே என்று போனுக்குக் கை நீட்டினாள்.

"குரலாவது கிடைச்சிச்சே தங்கச்சி" என்றேன். வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. "புள்ள பெரிசானதும் போட்டுக் காட்டலாம். இது வாப்பாட குரல் எண்டு சொல்லலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அழக்கூட இல்லை.

"இது லொறிக்காரனோட கதைச்ச குரல் ராத்தா" என்றாள். "இவளோட கதைச்ச குரல் இப்பிடி இல்ல. அது எப்பிடி இருந்திச்சு எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் மறந்துகொண்டு வருது."